கறுத்த கையைக் காணாத கருவி

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

சென்ற பருவத்தில் எங்கள் துறை மாணவர்கள் கல்விச் சுற்றுலா சென்றிருந்தபோது, வழியில் ஒரு பெரிய வணிக வளாகத்தில் பகல் உணவுக்காக இறங்கினோம். கை கழுவும் அறையில், சுவரில் கை உலர்த்தும் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதன் அடியில் ஈரக் கைகளை நீட்டினால் போதும்; பொத்தானைத் தொடாமலே வெப்பக் காற்று வீசும். நாங்கள் ஒருவர்பின் ஒருவராக நீட்டினோம். மூவருக்கு அது ஓடியது. நான்காவதாக வந்த நண்பனுக்கு ஓடவில்லை. அவன் கைகளை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான். கருவி பேசாமல் இருந்தது. பக்கத்தில் நின்றவன் ஒரு வெள்ளைக் காகிதத்தை அதன் கீழே காட்டினான். உடனே "உர்" என்று சீறிக்கொண்டு ஓடியது.

"உன் நிறத்துக்கு அதெல்லாம் ஓடாதுடா" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம், உண்மையைச் சொல்வதானால், நானும் சிரித்தேன். நண்பன் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். ஆனால் பேருந்து புறப்படுமுன் அவன் தனியே திரும்பிச் சென்று, அந்தக் கருவியோடு சிறிது நேரம் போராடியிருக்கிறான். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "புறங்கையைக் காட்டினால் ஓடவில்லை. உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டினால் ஓடுகிறது. ஏன்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த விந்தை அன்று. 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டா நகர விடுதி ஒன்றில், தானாகத் திரவ சோப்பு வழங்கும் கருவி வெள்ளையருடைய கைக்குச் சோப்பைத் தந்து, அவருடைய கறுப்பின நண்பரின் கைக்குத் தராமல் இருந்ததை அவர்களே படம் பிடித்து வெளியிட்டனர். 2017 ஆகஸ்டில் நைஜீரியர் ஒருவர் ட்விட்டரில் வெளியிட்ட மற்றொரு படம் உலகெங்கும் பார்க்கப்பட்டது. அதிலும் அதே காட்சி: வெளிர் நிறக் கைக்குச் சோப்பு விழுகிறது, கறுத்த கைக்கு விழவில்லை, அந்தக் கறுத்த கையே ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைப் பிடித்து நீட்டினால் விழுகிறது.

ஊர் திரும்பியதும் எங்கள் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். என்னிடம் விடை ஆயத்தமாக இருந்தது. "கறுப்புப் பொருள் ஒளியை உட்கவர்கிறது, ஐயா, வெள்ளைப் பொருள் திருப்பி அனுப்புகிறது. அவ்வளவுதான்" என்றேன். அவர், "உன் நண்பன் கையும் உன் கையும் அந்தக் கருவியின் கண்ணுக்கு எப்படித் தெரிகின்றன என்று பார்த்தாயா? உன் கண்ணுக்குத் தெரிவதைத்தானே சொல்கிறாய்?" என்று கேட்டார். பிறகு, என் வகுப்புத் தோழர்களிடையே உலவிய இன்னொரு விளக்கத்தையும் அவரே எடுத்துத் தள்ளினார். அகச்சிவப்பு என்றால் வெப்பம். எனவே கருவி உடற்சூட்டை உணர்கிறது என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "சூட்டைக் கண்டு ஓடும் கருவி என்றால், காகிதத்துக்குக் காய்ச்சலா அடித்தது?" என்றார்.

அது நல்ல கேள்வி. நம் உடல் தன் வெப்பத்தால் உமிழும் அகச்சிவப்புக் கதிரின் அலைநீளம் 9, 10 மைக்ரோமீட்டர் அளவில் மிகுதி. அந்த அலைநீளத்தில் மனிதத் தோல் எந்த நிறமாயினும் ஏறத்தாழ முழுக் கரும்பொருளைப் போலவே நடந்துகொள்கிறது. அங்கே வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றே. ஆள் நுழைந்தால் தானே எரியும் மின்விளக்குகளில் இருப்பது அத்தகைய சென்சார். அது நிற வேற்றுமை பார்ப்பதில்லை. கை உலர்த்தியிலும் சோப்புக் கருவியிலும் பெரும்பாலும் இருப்பது வேறு வகை. அதில் ஒரு சிறிய எல்.இ.டி. கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தானே அனுப்புகிறது. அதன் பக்கத்திலேயே ஓர் ஒளி டிரான்சிஸ்டர், கையில் பட்டுத் திரும்பும் ஒளியை வாங்குகிறது. இந்த ஒளியின் அலைநீளம் வழக்கமாக 850 அல்லது 940 நானோமீட்டர். நாம் காணும் சிவப்புக்குச் சற்று அப்பால் உள்ள ஒளி இது. உடற்சூட்டுக் கதிரின் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குதான். கருவியில் இத்தகைய எல்.இ.டி. இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. கைபேசியின் காமிராவை அந்தக் கறுப்புக் கண்ணாடிச் சாளரத்துக்கு நேரே பிடித்தால், பல கைபேசிகளில் ஒரு வெளிறிய ஊதாப் புள்ளி மினுக்குவது தெரியும். பின்புறக் காமிராவில் தெரியாவிட்டால் முன்புறக் காமிராவில் பார்க்கலாம்.

ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: 940 நானோமீட்டரில் கறுத்த தோல் எவ்வளவு கறுப்பு?

தோலுக்குக் கருநிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அது மேல்தோலில் இருக்கிறது. மேல்தோல் மிக மெல்லியது. கணக்குக்காக அதன் தடிப்பை 0.06 மில்லிமீட்டர் என்று கொள்வது வழக்கம். அதன் கீழே உள்ள உள்தோல் வெண்ணிற நார்களாலானது. எல்லா மனிதரிடத்தும் ஒளியை நன்றாகச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. அதாவது தோல் என்பது ஒரு வெள்ளைச் சுவரின் முன்னே தொங்கும் மெல்லிய திரை. திரை அடர்த்தியாக இருந்தால் தோல் கறுப்பு. நைவாக இருந்தால் வெளுப்பு. ஒளி இந்தத் திரையைப் போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் கடக்க வேண்டும்.

மெலனின் எல்லா ஒளியையும் ஒரேயளவில் உட்கவர்வதில்லை. அலைநீளம் கூடக் கூட அதன் உட்கவர்தல் வேகமாகக் குறைகிறது. ஸ்டீவன் ஜாக்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் தொகுத்த வாய்பாட்டின்படி, மெலனின் துகளின் உட்கவர் கெழு அலைநீளத்தின் 3.33ஆம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது:

μ = 6.6 × 10¹¹ × λ^(−3.33)

இங்கு λ நானோமீட்டரிலும், μ ஒரு சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்றும் கொள்ளப்படும். நம் கண்ணுக்கு மிகக் கூர்மையாகத் தெரியும் பச்சை ஒளிக்கு, 550 நானோமீட்டரில், μ ஏறத்தாழ 494. கருவி பயன்படுத்தும் 940 நானோமீட்டரில் அது 83தான். ஆறில் ஒரு பங்கு!

இனி இரண்டு கைகளை எடுத்துக்கொள்வோம். மிகக் கறுத்த தோலின் மேல்தோலில் மெலனின் துகள்கள் பருமனில் 30 விழுக்காடும், வெளிர்ந்த தோலில் 3 விழுக்காடும் இருப்பதாகக் கொள்வோம். இவை அளந்தறியப்பட்ட எல்லைக்குள் அடங்கும் எண்களே. திரையை நேராக இருமுறை கடந்தால் ஒளி செல்லும் தூரம் 0.012 சென்டிமீட்டர். நாம் வகுப்பில் படிக்கும் அடுக்குக்குறி விதியைப் போட்டுப் பார்த்தால், பச்சை ஒளியில் வெளிர்ந்த தோலின் திரை 100க்கு 84 பங்கை விட்டுவிடுகிறது. கறுத்த தோலின் திரையோ 17 பங்கைத்தான் விடுகிறது. ஐந்து மடங்கு வேறுபாடு. இதுதான் நம் கண் காண்பது. 940 நானோமீட்டரிலோ வெளிர்ந்த தோல் 97 பங்கும், கறுத்த தோல் 74 பங்கும் விடுகின்றன. நாலுக்கு மூன்று! உண்மையில் ஒளி நேராகச் செல்வதில்லை. சாய்ந்தும் சிதறியும் செல்வதால் திரைக்குள் அதன் பாதை நீளும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் விகிதம் மூன்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கலாம். எப்படியாயினும் ஐந்துக்கு ஒன்று அன்று.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பைச் சொல்லியாக வேண்டும். பேருந்தில் நான் நினைத்திருந்த விடை பாதி பொய்யாயிற்று. அகச்சிவப்பின் கண்ணுக்கு என் நண்பனின் கை கறுப்பே அன்று. கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். வெளிர்ந்த கை தருவதில் மூன்றில் இரண்டு பங்கு ஒளியைத் திருப்பித் தரும் கையை ஒரு கருவி காணவில்லை என்றால், குறையைக் கையில் தேடுவது முறையாகாது. மெலனினுக்கு இதில் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. மூன்றுக்கு இரண்டு என்ற சிறு வேற்றுமையை ஓடுவதற்கும் ஓடாமைக்கும் இடையிலான பெரு வேற்றுமையாக ஆக்கியது எது என்பதே கேள்வி.

அதற்கு விடை சுற்றின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ஒளி டிரான்சிஸ்டர் தரும் மின்னழுத்தம் ஓர் ஒப்பீட்டுச் சுற்றுக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே ஓர் எல்லை மின்னழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும். வந்தது எல்லைக்கு மேல் என்றால் மோட்டார் ஓடும். கீழ் என்றால் ஓடாது. மயிரிழை குறைந்தாலும் ஓடாதுதான். தேர்வில் 35க்கு 34 வாங்கியவனும் பூச்சியம் வாங்கியவனும் ஒரே பட்டியலில் இருப்பது போல.

அப்படியானால் எல்லையை மிகத் தாழ்வாக வைத்துவிடலாமே என்று கேட்கலாம். வைக்க முடியாது. கருவிக்குக் கீழே கைகள் மட்டும் இல்லை. கை கழுவும் மேடையோ தொட்டியோ இருக்கிறது. வெள்ளைப் பீங்கானும் பளபளக்கும் எஃகும் ஒளியைத் திருப்பி அனுப்பும். எல்லை மிகத் தாழ்ந்திருந்தால் மேடையையே கையென்று நினைத்து உலர்த்தி இரவும் பகலும் ஓடும். சோப்புக் கருவியானால் தொட்டியில் சோப்பைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கருவி எந்த மேடைக்கு மேல் மாட்டப்படும் என்று தொழிற்சாலையில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே அவர் எல்லையைச் சற்று உயர்த்தியே வைக்கிறார். வீணாகும் சோப்பைப் பற்றிப் புகார் உடனே வரும். ஓடாத கைகளைப் பற்றிய புகார், பெரும்பாலும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விடுகிறது.

ஒரு கணக்காகவே இதைச் செய்து பார்க்கலாம். கீழே வரும் எண்களைக் கணக்கின் வசதிக்காக நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்; அளவில் அவை இயல்புக்கு ஒத்தவையே. 940 நானோமீட்டரில் வெள்ளைக் காகிதம் 85 விழுக்காடும், வெளிர்ந்த கை 60 விழுக்காடும், கறுத்த புறங்கை 40 விழுக்காடும் ஒளியைத் திருப்புவதாகக் கொள்வோம். கை ஒளிக்கற்றையை முழுதும் மறைக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தால், திரும்பி வரும் ஒளி தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். எனவே விழுக்காட்டைத் தூரத்தின் இருமடியால் வகுத்து, எண் படிக்க எளிதாக 1000ஆல் பெருக்கினால் சென்சார் பெறும் சைகை கிடைக்கும்.

தொழிற்சாலையில் ஒருவர், வெளிர்ந்த கை 15 சென்டிமீட்டரில் வந்ததும் கருவி ஓட வேண்டும் என்று எல்லையை அமைக்கிறார். 60ஐ 225ஆல் வகுத்து 1000ஆல் பெருக்கினால் 267. இதுவே எல்லை. 35 சென்டிமீட்டர் கீழே உள்ள வெள்ளை மேடை தருவது 65தான், தொல்லையில்லை. பயன்படுத்துபவர் இயல்பாகக் கையை 11 சென்டிமீட்டரில் பிடிப்பதாகக் கொள்வோம். அங்கே வெளிர்ந்த கை தருவது 496. கறுத்த புறங்கை தருவது 331. இரண்டும் 267க்கு மேல். கருவி புதிதாக மாட்டப்பட்ட நாளில் எல்லோருக்கும் ஓடுகிறது. மாட்டியவரும் வாங்கியவரும் மகிழ்ச்சியோடு கையெழுத்திடுகிறார்கள்.

ஆறு மாதம் ஆகிறது. சாளரத்தின் மேல் சோப்பு நுரையும் நீர்த்திவலையும் காய்ந்து படலமாகின்றன, எல்.இ.டி. சற்றுத் தளர்கிறது, மின்கலத்தால் ஓடும் சோப்புக் கருவியானால் மின்கலமும் இறங்கியிருக்கும். எல்லாமாகச் சேர்ந்து சைகை 40 விழுக்காடு குறைந்துவிட்டது என்போம். இப்போது அதே 11 சென்டிமீட்டரில் வெளிர்ந்த கை தருவது 298. இன்னும் எல்லைக்கு மேல், ஓடுகிறது. வெள்ளைக் காகிதம் தருவது 421, ஓடுகிறது. கறுத்த புறங்கை தருவது 198. ஓடவில்லை. அவர் கையை 9.4 சென்டிமீட்டருக்கு உயர்த்தினால் ஓடும். ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் குறை. ஆனால் அதை அவரிடம் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

நண்பனின் கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. உள்ளங்கையில் யாருக்கும் மெலனின் குறைவு. மிகக் கறுத்தவருக்கும் உள்ளங்கை வெளிர்ந்திருப்பதை எல்லோரும் அறிவோம். அந்த உள்ளங்கை 55 விழுக்காட்டைத் திருப்பினால், பழுதடைந்த கருவியிலும் 11 சென்டிமீட்டரில் 273 கிடைக்கும். எல்லை 267. ஒரு நூலிழையில் தேர்ச்சி! ஒரே மனிதனின் ஒரே கை, ஒரு பக்கம் தோல்வி, மறுபக்கம் வெற்றி. கை உலர்த்தியின் கீழ் நாம் கைகளைத் தேய்த்துக்கொள்ளும்போது மேலே இருப்பது பெரும்பாலும் புறங்கை. என் நண்பன் விடுமுறை நாட்களில் கொத்து வேலைக்குப் போகிறவன். வெயில் அவன் புறங்கையில் இன்னும் கொஞ்சம் மெலனினைச் சேர்த்திருந்தது.

பழுது நீங்கிய கருவியில் எல்லோருக்கும் ஓடுகிறது. முற்றிலும் பழுதான கருவியில் யாருக்கும் ஓடாது. இடையில் உள்ள நீண்ட காலத்தில்தான், அது சிலருக்கு ஓடிச் சிலருக்கு ஓடாமல் இருக்கிறது. "எனக்கு ஓடுகிறதே" என்று ஒருவர் உண்மையாகவே சொல்லலாம். "எனக்கு ஓடவில்லை" என்பவரும் உண்மையே சொல்கிறார். சோதித்துப் பார்க்க வரும் பழுது நீக்குபவர் தன் கையை மட்டும் நீட்டிப் பார்த்தாலோ, கையில் இருக்கும் வெள்ளை ரசீதைக் காட்டிப் பார்த்தாலோ அவருக்குப் பழுது தெரியப் போவதில்லை. வெள்ளைக் காகிதம் எல்லாவற்றிலும் எளிதான தேர்வு. அதில் தேறிய கருவியைப் பற்றி நாம் எதுவும் அறிந்துகொள்வதில்லை.

கணக்கு சரிதானா என்று ஆய்வகத்தில் பார்க்க விரும்பினேன். மின்னணுக் கடைகளில் சில பத்து ரூபாய்க்குத் தடை உணரும் சிறு பலகை ஒன்று கிடைக்கிறது. தானே ஓடும் பொம்மை வண்டிகளில் பொருத்துவது. அதில் ஓர் அகச்சிவப்பு எல்.இ.டி., ஓர் ஒளி டையோடு, எல்.எம். 393 என்னும் ஒப்பீட்டுச் சில்லு, எல்லையைக் கூட்டிக் குறைக்க ஒரு நீலப் பொட்டென்ஷியோமீட்டர் ஆகிய எல்லாம் இருக்கின்றன. பொருள் தெரிந்தால் ஒரு சிறு விளக்கு எரியும். பலகையைத் தாங்கியில் கவிழ்த்துப் பொருத்தி, பக்கத்தில் அளவுகோலை நிறுத்தி, பொருளைக் கீழிருந்து மெல்ல உயர்த்தி, எந்தத் தூரத்தில் விளக்கு எரிகிறது என்று குறித்தோம். சன்னலை மூடிவிட்டே செய்ய வேண்டும். இந்தப் பலகை எப்போதும் எரியும் ஒளியை அனுப்புவதால், வெயிலிலுள்ள அகச்சிவப்பையும் தன்னுடையதென்றே எண்ணிக்கொள்ளும். நல்ல கருவிகளில் ஒளியைத் துடிப்புகளாக அனுப்பி, ஒளி அணைந்திருக்கும்போது வருவதைக் கழித்துவிடுகிறார்கள்.

வரிசை கணக்குச் சொன்னபடியே வந்தது. வெள்ளைக் காகிதம் எல்லாவற்றுக்கும் தொலைவிலேயே தெரிந்தது. அடுத்து எங்கள் வகுப்பில் வெளிர்ந்த நிறமுடைய மாணவரின் கை. அடுத்து நண்பனின் உள்ளங்கை. அடுத்து அவன் புறங்கை. மெழுகுவத்திப் புகை பிடித்த அட்டை, பலகையை முட்டும் அளவுக்கு வந்த பின்தான் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், ஒருவர் அணிந்திருந்த கறுப்புப் பருத்திச் சட்டை கிட்டத்தட்டக் கையைப் போலவே தெரிந்தது. துணிச்சாயங்கள் பல கண் காணும் ஒளியை மட்டுமே உட்கவர்ந்து, அகச்சிவப்பை விட்டுவிடுகின்றன. புகைக்கரி அப்படியன்று, அது எல்லாவற்றையும் விழுங்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பு. பேராசிரியர் கேட்ட கேள்வியின் பொருள் அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கிற்று.

பிறகு பொட்டென்ஷியோமீட்டரின் திருகை நண்பனிடம் கொடுத்தோம். அவன் அதைச் சிறிது திருப்பியதும் அவன் புறங்கையும் எட்டவே தெரிந்தது. இன்னும் சிறிது திருப்பியதும், கீழிருந்த மேசையைக் கண்டே விளக்கு எரிந்துகொண்டு அணையாமல் நின்றது. வடிவமைப்பாளரின் இக்கட்டு அந்தத் திருகின் இரண்டு நிலைகளுக்கு இடையே இருக்கிறது.

அந்த இக்கட்டிலிருந்து வெளியேற வழி உண்டு. முதல் வழி, எல்லையை நிலையாக வைக்காமல் கருவியே அமைத்துக்கொள்ளச் செய்வது. யாரும் இல்லாதபோது கருவி தன் கீழுள்ள மேடையை அளந்துகொள்கிறது. நம் கணக்கில் அது 65. அதன் இருமடங்கான 130ஐ எல்லையாக வைத்தால் போதும், 267 வேண்டியதில்லை. சாளரம் அழுக்கேறிச் சைகை 40 விழுக்காடு குறைந்தால் மேடையின் சைகையும் 39ஆகக் குறையும். எல்லையும் தானே 78க்கு இறங்கும். அப்போது கறுத்த புறங்கையின் 198 எல்லையைப் போல் இரண்டரை மடங்கு. பழுது எல்லோருக்கும் சமமாகக் குறைந்துபோகிறது. இதற்கும் வரம்பு உண்டு. மேடை கண்ணாடிபோல் மெருகேறியிருந்தால் அதன் சைகையே பெரிதாகி, இருமடங்கு என்ற எல்லை கையை மீறிப் போய்விடும். சாளரத்தின் அழுக்கே ஒளியைச் சிதறடித்து உள்ளே திருப்பினாலும் அப்படித்தான். யாராவது கைப்பையை மேடைமேல் வைத்துவிட்டால் அதையும் மேடையென்று கற்றுக்கொள்ளும்.

இரண்டாம் வழி இன்னும் அழகானது. எவ்வளவு ஒளி வந்தது என்று கேட்காமல், எங்கிருந்து வந்தது என்று கேட்பது. எல்.இ.டி.க்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறு லென்சை வைத்து, கையில் விழுந்த ஒளிப்புள்ளியின் பிம்பத்தை நீளமான உணர்தகட்டில் விழச் செய்கிறார்கள். கை அருகில் இருந்தால் பிம்பம் தகட்டின் ஒரு முனையில். தொலைவில் இருந்தால் மறு முனையில். நில அளவையில் முக்கோணத்தைக் கொண்டு தூரம் காண்பதுபோலத்தான் இதுவும். பிம்பம் பிரகாசமாயினும் மங்கலாயினும் விழும் இடம் மாறாது. ஆகவே கையின் நிறம் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. பிம்பம் காணவே முடியாதபடி மங்கினாலொழிய. ஒளி போய்வரும் நேரத்தை அளக்கும் சில்லுகளும் இப்போது விற்பனைக்கு வந்துள்ளன. 10 சென்டிமீட்டர் தூரத்துக் கையிலிருந்து ஒளி திரும்பும் நேரம் ஒரு நானோ விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு, அதையும் அளக்கிறார்கள்!

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்றுண்டு: ஒருபுறம் ஒளி விளக்கும், எதிர்ப்புறம் உணர்வியும் வைத்து, இடையில் கை நுழைந்து ஒளியை மறைத்தால் ஓடச் செய்வது. எந்தக் கையும் ஒளியை மறைக்கும்; மறைப்பதில் கறுப்பென்றும் சிவப்பென்றும் இல்லை. கை நுழைக்கும் பிளவுபோல் அமைந்த கருவிகளுக்கு இது பொருந்தும். சுவரில் தொங்கும் கருவிக்கு எதிர்ப்புறம் இல்லாததால் பொருந்தாது.

இத்தகைய கருவி முன் நின்று ஓடாமல் போனால் செய்து பார்க்கத் தக்கவை சில. முதலில் சாளரத்தை விரலால் துடைத்துவிட்டுப் பார்க்கலாம். பிறகு கையை மெல்ல உயர்த்தலாம். உயர்த்தியதும் ஓடினால் குறை எல்லையில் அல்லது தளர்ந்த எல்.இ.டி.யில். உள்ளங்கையைத் திருப்பியதும் ஓடினாலும் அதே முடிவுதான். வெள்ளைக் காகிதத்துக்கும் ஓடவில்லை என்றால் அது வேறு பழுது, மின்கலமோ மோட்டாரோ. காகிதத்துக்கு ஓடிக் கைக்கு ஓடவில்லை என்றால், "கருவி நன்றாகத்தான் இருக்கிறது" என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டியதில்லை.

நண்பனிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். 198, 267 என்ற இரண்டு எண்களையும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்படியென்றால் அந்தக் கண்ணாடியைத் துடைத்திருந்தாலே ஓடியிருக்குமா?" என்று கேட்டான்.

"ஓடியிருக்கலாம். துடைத்ததும் 331 வந்தால் ஓடும்" என்றேன்.

"அன்றைக்கு என் கையில் கைக்குட்டைகூட இல்லை" என்றான்.